ஊறவைத்த தண்ணீரைக் கொட்டலாமா?

வணக்கம் அக்கா. எனக்கு வயது 36. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஹீமோகுளோபின் 10.1 தான் இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் எல்லாரும் சைவம். அதனால் பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, கேழ்வரகு என்று விடாமல் சமைக்கிறேன். இரவே ஊறப்போட்டு, சத்து வீணாகக் கூடாது என்று அதே தண்ணீரில் வேகவைப்பேன். சீக்கிரம் வேக ஒரு சிட்டிகை சோடா உப்பும் உண்டு. காலையில் தோசை, கூடவே தே தாரிக். மாமியாருக்கு 68 வயது. பயறு சாப்பிட்ட அன்றெல்லாம் வயிறு உப்பி, வாயு பிரிந்து, இரவில் தூங்க முடியாமல் தவிக்கிறார். ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் சத்து உடம்பில் ஒட்டும் என்கிறார்களே, உண்மையா? எதை எப்படிச் செய்ய வேண்டும்?

*

வணக்கம் தங்கச்சி.

அந்தத் தண்ணீரைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். சோடா உப்பையும் பயறு ஊறும் பாத்திரத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மாமியாரின் வயிற்றைப் படுத்துவதில் பாதி அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. உங்களுக்குச் சேர வேண்டிய இரும்பைச் சேரவிடாமல் செய்வதில் சோடா உப்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இவை இரண்டும் வேறு வேறு தொல்லைகள். அதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் ஊறவைப்பது எதற்கு, முளைகட்டுவது எதற்கு, புளிக்கவைப்பது எதற்கு என்பது தானாகப் புரிந்துவிடும்.

முதலில் வாயு. பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. நாக்குக்கு இனிப்பாகத் தெரியாது. இவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை, எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. ஆகவே சிறுகுடலைத் தாண்டி அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று காற்றை வெளிவிடுகின்றன. உங்கள் மாமியாரின் உப்புசம் அந்தக் காற்றுதான். நல்ல வேளையாக இந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையக்கூடியவை. பயறு ஊறும்போது ஒரு பகுதி தண்ணீருக்கு இறங்கிவிடும். காலையில் அந்தத் தண்ணீரைப் பாருங்கள். மங்கலாக, லேசாக நுரை கட்டி நிற்கும். அதிலேயே வேகவைத்தால் வெளியே வந்ததை மறுபடியும் உள்ளே அனுப்புகிறீர்கள். கொட்டினால் கொஞ்சம் பி வைட்டமின்களும் சேர்ந்து போகும் என்பது உண்மைதான். 68 வயதுக்காரர் இரவு நிம்மதியாகத் தூங்குவதற்கு அந்த நட்டம் தகும்.

கொண்டைக்கடலைக்கு 12 மணி நேரம் வேண்டும். நம் ஊர் வெக்கையில் ஒரே தண்ணீரில் அவ்வளவு நேரம் விட்டால் புளித்த வாடை வந்துவிடும். பாதி நேரத்தில் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள், கடைசியில் இரண்டு முறை அலசிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் வையுங்கள். அவசரமான நாளில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் மூடிவைத்துக் கொட்டினாலும் வாயுவுக்குப் பலன் உண்டு. இரும்புக்குப் பலன் இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மாமியாருக்கு ஆரம்பத்தில் 3 மேசைக்கரண்டி வெந்த பயறு போதும். ஒரு வாரம் அதையே கொடுத்துப் பாருங்கள், பிறகு கூட்டலாம். பல நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டல் சாப்பிட்டால் இளவயதுக்காரருக்கும் வயிறு உப்பும். ஆனால் அவருக்கு உடம்பு இளைக்கிறது, மலத்தில் ரத்தம் தெரிகிறது, மலம் போகும் பழக்கமே மாறிவிட்டது என்று ஏதாவது இருந்தால் பயறைக் குறை சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

இப்போது உங்கள் இரும்புக்கு வருகிறேன்.

ஒரு விதை முளைத்து வேர்விட பாஸ்பரஸ் தேவை. அதைப் பைட்டிக் அமிலம் என்ற வடிவில் விதை சேமித்து வைத்திருக்கிறது. இந்தப் பைட்டிக் அமிலத்துக்கு உலோகங்கள் மீது பிடிப்பு அதிகம். இரும்பு, துத்தநாகம், கால்சியம் எது பக்கத்தில் வந்தாலும் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டதைக் குடலால் உறிஞ்ச முடியாது. ஒரு கப் வெந்த பச்சைப்பயறில் சுமார் 2.8 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. தட்டில் இருக்கும் அந்த அளவில் மிகச் சிறிய பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது. நீங்கள் விடாமல் பயறு சமைத்தும் ஹீமோகுளோபின் ஏறாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தப் பூட்டுக்குச் சாவியும் விதைக்குள்ளேயே இருக்கிறது. பைட்டேஸ் என்ற நொதி. விதை ஈரம்பட்டு, வெதுவெதுப்பாக, லேசான புளிப்பில் இருக்கும்போது அது விழித்துக்கொண்டு பைட்டிக் அமிலத்தை அறுக்கத் தொடங்கும். காரத்தன்மை வந்தால் மந்தமாகிவிடும். சோடா உப்பு செய்வது அதைத்தான். பயறு சீக்கிரம் குழையும், ஆனால் பைட்டேஸ் வேலை செய்யாது, தையமின் வைட்டமினும் அழிந்துபோகும். கொதிநீர் பட்டால் பைட்டேஸ் செத்தே போகும். பைட்டிக் அமிலமோ சூட்டுக்கு லேசில் அசையாது. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஆகவே இரும்புக்காகச் செய்ய வேண்டிய வேலை முழுக்க அடுப்பை ஏற்றுவதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

சரி, வெறுமனே ஊறவைத்தால் எவ்வளவு குறையும்? கொஞ்சம்தான். பயறு வகைகளில் பைட்டேஸ் இயல்பாகவே குறைவு, 8 மணி நேரத்தில் அதனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. இரவு ஊறப்போட்டால் இரும்பு ஒட்டிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். என்னிடம் வருகிறவர்களிடம் ஊறவைப்பது வயிற்றுக்கு, முளையும் புளிப்பும் இரும்புக்கு என்றுதான் சொல்கிறேன். முளைவிடும்போது விதை புதிதாகப் பைட்டேஸைத் தயாரிக்கிறது. கூடவே மேலே சொன்ன வாயுச் சர்க்கரைகளையும் தன் சாப்பாடாகத் தின்றுவிடுகிறது. அதனால் முளைகட்டிய பயறு உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஆகும்.

பச்சைப்பயறை இப்படிச் செய்து பாருங்கள். முழுப்பயறு ஒரு கப், தண்ணீர் நான்கு கப். மாலை 4 மணிக்கு ஊறப்போட்டால் நம் வெயிலுக்கு இரவு 10 மணிக்குள் நன்றாக ஊறிவிடும். தண்ணீரைக் கொட்டி, இரண்டு முறை அலசி, சொட்டச் சொட்ட இல்லாமல் முழுக்க வடியவிடுங்கள். சுத்தமான பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி, ஓட்டை உள்ள வடிதட்டில் வையுங்கள், கீழே ஒரு தட்டு இருக்கட்டும். மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், காற்று போகாமல் வெந்து நாறும். மறுநாள் காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு முறை பிரித்துக் குழாய்த் தண்ணீரில் அலசி மறுபடி கட்டுங்கள். நடுவில் மூட்டைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும், விதை மூச்சுவிடும் சூடு அது. கை சுடுகிற மாதிரி இருந்தால் மூட்டை பெரிது, இரண்டாகப் பிரித்துவிடுங்கள். அதற்கு மறுநாள் காலை அரை அங்குல வால் வந்திருக்கும். அதுதான் பதம். தவ்கே நீளத்துக்கு வளர்க்கத் தேவையில்லை.

நல்ல முளைக்குப் பச்சை வாசனை, மழை பெய்த மண் வாசனை மாதிரி. விரலில் வழவழப்பு, புளித்த நாற்றம் இரண்டில் ஒன்று வந்தாலும் கொட்டிவிடுங்கள், அலசிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். வேர் நுனியில் மெல்லிய வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது வேர்த்தூவி, தண்ணீர் ஊற்றினால் படிந்துவிடும். பூஞ்சை அப்படிப் படியாது, சிலந்திவலை போலப் பயறுக்குப் பயறு இழை ஓடும், சாம்பல் நிறமும் பாசிவாடையும் இருக்கும். முளையே வராவிட்டால் பயறு பழையது. மூட்டை கட்டுவதற்கு முன் 20 பயறை எண்ணி ஈரத்துணியில் போட்டுப் பாருங்கள், 18 ஆவது முளைக்க வேண்டும். தோல் நீக்கி உடைத்த பருப்பு முளைக்காது, அதைக் கொஞ்ச நேரம் ஊறவைத்து வடித்துவிட்டுச் சமைத்தால் போதும்.

முளைகட்டியதைப் பச்சையாகச் சாப்பிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். முளை வளர்கிற ஈரமும் சூடும்தான் சால்மொனெல்லா, ஈ கோலை போன்ற கிருமிகள் பெருகுவதற்கும் வசதியான இடம். 2011 இல் ஜெர்மனியில் வெந்தய முளை மூலம் பரவிய ஈ கோலை 50 க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. கிருமி விதையிலேயே ஒட்டியிருக்கும், மேலே அலசினால் போகாது. வயதானவர், குழந்தை, கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது. 10 நிமிடம் ஆவியில் வேகவைத்து, தாளித்து இறக்குங்கள். பைட்டேஸ் தன் வேலையை முடித்துவிட்டதால் இனி சூட்டில் செத்தாலும் பாதகமில்லை. சிவப்புக் காராமணி, பெரிய சிவப்பு பீன்ஸ் வாங்குவீர்களா தெரியவில்லை. பெரிய சிவப்பு பீன்ஸை முளைகட்டிப் பார்க்கவே வேண்டாம். ஊறவைத்து, கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதித்த பிறகே மற்ற சமையல். அரைவேக்காடாக உள்ளே போனால் அதில் இருக்கும் லெக்டின் சில மணி நேரத்திலேயே வாந்தியும் பேதியும் வரவைக்கும்.

புளிக்கவைப்பதில் உங்களுக்கு நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியது குறைவு, தோசை மாவு ஏற்கெனவே அந்த வேலையைச் செய்கிறது. உளுந்தும் அரிசியும் அரைபட்டபின் லாக்டிக் பாக்டீரியாக்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன, அந்தப் புளிப்பு பைட்டேஸுக்குப் பிடித்தமானது. அரைத்த மாவில் நொதி எல்லா இடத்திலும் கலந்து நிற்பதால் முழுப்பயறில் நடப்பதைவிட வேகமாக நடக்கும். இங்கே 6 முதல் 8 மணி நேரம் போதும். மாவை அரைத்த உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் வெளியே எடுத்து ஊற்றுகிறவர்கள் உண்டு, அது புளிக்காத மாவு. முதலில் வெளியே வைத்துப் பொங்கவிடுங்கள், பிறகு ஃபிரிட்ஜ்.

நான் அதிகம் பேச ஆசைப்படுவது கேழ்வரகைப் பற்றி. ஆடி மாதம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். என் பாட்டி அந்த வேலையை முதல்நாளே தொடங்கிவிடுவார். மாவைத் தண்ணீரில் கரைத்து, பானை வாயில் துணி கட்டி, லயத்து வீட்டு அடுப்பு ஓரத்தில் வைத்துவிடுவார். விடியற்காலையில் துணியை அவிழ்த்தால் மோர் மாதிரி ஒரு வாசனை வரும், மேலே சின்னச் சின்னக் குமிழிகள் உடையும். சிறுவயதில் அதைச் சடங்கு என்று நினைத்தேன். படித்து முடித்து இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அந்த ஓர் இரவு மாவுக்கு என்ன செய்கிறது என்று விளங்கியது. இப்போது பலர் மாவை நேராகக் கொதிநீரில் கொட்டிக் கிளறிக் கஞ்சியாக்குகிறார்கள். நொதிக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

வீட்டில் செய்ய ஒரு கப் கேழ்வரகு மாவுக்கு இரண்டு கப் தண்ணீர். இதில் ஒரு மேசைக்கரண்டி ஆட்டா மாவு சேருங்கள். முழுக் கோதுமையில் பைட்டேஸ் நிறைய உண்டு, கேழ்வரகில் குறைவு. கோதுமையிலிருந்து கடன் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதாவில் தவிடு இல்லை, அது உதவாது. கடையில் வாங்கும் கேழ்வரகு மாவு சில சமயம் வறுத்து அரைத்ததாக இருக்கும், பாக்கெட்டைப் பிரித்ததும் வறுத்த மணம் வந்தால் அதில் நொதி இருக்காது, அப்போது இந்த ஆட்டா கட்டாயம். பழைய தோசை மாவு ஒரு கரண்டி சேர்த்தால் புளிப்பு சீக்கிரம் பிடிக்கும். இரவு 8 மணிக்குக் கரைத்து மூடி வைத்தால் காலை 6 மணிக்குத் தயார். நான்கு கப் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கரைசலை ஊற்றி, கட்டி தட்டாமல் 15 நிமிடம் கிளறுங்கள். காலையில் கரைசலின் மேலே ரோஸ் நிறம், கறுப்புப் புள்ளி, சாராய நெடி எது இருந்தாலும் கொட்டிவிட்டு வேறு கரையுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கேழ்வரகின் பழுப்புத் தோலில் டானின் இருக்கிறது, புளிக்கவைத்தாலும் முழுக்கப் போகாது, அதுவும் இரும்பைப் பிடிக்கும். அதனால் கேழ்வரகைக் கால்சியத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக்குப் பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, உளுந்து. பக்கத்து மலாய்க்காரர் கடையில் தெம்பே கிடைக்குமே, அதையும் சேர்க்கலாம். சோயாவை ஊறவைத்து, தோல் நீக்கி, வேகவைத்து, ரைசோபஸ் என்ற பூஞ்சையை வளரவிட்டுச் செய்வது அது. அந்தப் பூஞ்சையே பைட்டிக் அமிலத்தைக் குறைத்துவிடுகிறது. வெள்ளைப் பூஞ்சை கட்டியாக இறுகிப் பிடித்திருக்க வேண்டும், அமோனியா நெடி அடித்தால் நாள்பட்டது.

இத்தனையும் செய்த பிறகும் கொஞ்சம் பைட்டிக் அமிலம் மிஞ்சும். இரும்பின் விஷயத்தில் அந்த மிச்சமே ஓரளவு தடுக்கும். அதைத் தாண்ட வைட்டமின் சி வேண்டும், அதுவும் அதே வேளைச் சாப்பாட்டில். எலுமிச்சை பிழிந்தால் போதும் என்று சொல்வார்கள். ஒரு சிறிய லீமாவ் கஸ்தூரியின் சாற்றில் மில்லிகிராம் கணக்கில் ஒற்றைப்படைதான் தேறும். அரைக் கொய்யாவில் 100 மில்லிகிராமுக்கு மேல் வரும். ஆக, சுண்டலுக்கு எலுமிச்சை ருசிக்காக, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு. கூடவே அரைக் கொய்யா, இது இரும்புக்காக. பப்பாளி கிடைத்தால் அதுவும் நல்லது.

அடுத்து தே தாரிக். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அது இல்லாமல் காலையைத் தொடங்க மாட்டேன். ஆனால் சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அந்த வேளை இரும்பைப் பாதிக்கு மேல் தடுத்துவிடும். பால் சேர்த்தால் தடுக்காது என்பதும் தவறு. நீங்கள் இரவெல்லாம் புளிக்கவைத்த மாவின் பலனை ஒரு கோப்பை தேநீர் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடும். தேநீரை விடச் சொல்லவில்லை, நகர்த்தச் சொல்கிறேன். உங்கள் நாள் இப்படி இருக்கலாம். 5.30 க்கு எழுந்ததும் தே. 7 மணிக்கு தோசை, சாம்பார், அரைக் கொய்யா, வெறும் தண்ணீர். 10 மணிக்கு இரண்டாவது தே, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருப்பதால் பரவாயில்லை. மதியம் சோற்றோடு முளைப்பயறுச் சுண்டல். மாலை 4 மணிக்கு வேண்டுமானால் இன்னொரு தே. இரும்பு மாத்திரையை இரவு படுக்கப்போகும்போது கொய்யாவோடோ ஆரஞ்சு ஜூஸோடோ போடுங்கள், பாலோ மைலோவோ அதோடு வேண்டாம். வயிறு எரிந்தால் மட்டும் சாப்பிட்ட பிறகு போடலாம்.

மாத்திரையை நிறுத்திவிட்டு உணவாலேயே ஏற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 10.1 இல் இருந்து ஏற்றுவது மாத்திரையின் வேலை. பயறும் மாவும் அதை மறுபடி இறங்காமல் காக்கும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடம்பின் சேமிப்பு நிறைய சுமார் 3 மாதம் மாத்திரை தொடர வேண்டியிருக்கும், டாக்டர் சொல்லும் வரை விடாதீர்கள்.

இன்னொன்று. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது ஃபெரிட்டின் எவ்வளவு என்று கேளுங்கள். சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டும் எண் அது. நம் நாட்டில் தலசீமியா சுமப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். இரும்பு போதுமான அளவு இருந்தும் அப்படிக் காட்டும். ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் மேலே எழுதியதெல்லாம் உங்களுக்கானது. சரியாக இருந்தால் தலசீமியா பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் அது தெரிய வேண்டிய சேதி. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்பதை உங்கள் கடிதத்தில் எழுதவில்லை. 7 நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் மாற்ற வேண்டியிருந்தால், அதையும் வெட்கப்படாமல் அதே டாக்டரிடம் சொல்லுங்கள். போகிற இடத்தை அடைக்காமல் வருகிற வழியை மட்டும் பார்த்தால் எண் ஏறாது.

இந்த வாரம் சனிக்கிழமை மாலை ஒரு கப் பயறில் தொடங்குங்கள். திங்கட்கிழமை காலை சமையலுக்கு முளை தயாராக இருக்கும்.